சுட்டி அசைந்தால் மறையும் பிழையை மேக்கில் பதிவு செய்து அனுப்பிய அனுபவம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் பேக்கிங் லிஸ்ட் தயாரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். நாங்கள் பயன்படுத்தும் இணைய மென்பொருளில், அளவு வாரியான கட்டத்தின் மீது சுட்டியை வைத்தால், எந்த அட்டைப்பெட்டியில் எத்தனை பீஸ் என்று ஒரு சிறு பெட்டி தோன்றிச் சொல்லும். அளவுப் பட்டியலைத் திறந்து XL-ஐத் தேர்ந்தெடுத்தால் மட்டும், அந்தச் சிறு பெட்டி முந்தைய அளவின் எண்ணிக்கையையே காட்டியது. கப்பலுக்குச் சரக்கு ஏற வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு கோளாறு இருந்தால் தாள்களில் எந்த எண்ணிக்கையை நம்புவது?

மென்பொருள் நிறுவனத்தின் உதவிப் பிரிவில் முறையிட்டபோது, "எங்க பக்கம் சரியாத்தானுங்க இருக்குது, ஆதாரம் அனுப்புங்க" என்று பதில் வந்தது. நேரில் காட்டிவிடலாம் என்று மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் வரை போனேன். அங்கிருந்தவர் திரையைப் பார்க்கக்கூட விரும்பாமல், படமோ வீடியோவோ இணைக்கப்படாத புகாரை ஏற்க இயலாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அவிநாசி சாலை நெரிசலில் கழிந்த அந்த அரை நாளை நினைத்தால் இன்னமும் மனம் ஆறவில்லை.

ஷிஃப்ட், கமாண்ட், 5 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரைப்பிடிப்புக் கருவிப்பட்டை வரும் என்பது மேக் வைத்திருக்கும் பெரும்பாலோருக்குத் தெரியும். சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில்தான் தொடங்குகிறது. பட்டையிலுள்ள Capture பொத்தானை அழுத்தச் சுட்டியை நகர்த்தினாலே, நான் பிடிக்க வேண்டிய சிறு பெட்டி மறைந்துவிடுகிறது. இதற்குத் தீர்வு Options பட்டியலில் உள்ள Timer. அங்கே None, 5 Seconds, 10 Seconds என்ற மூன்றும் இருக்கின்றன. ஐந்து நொடியைத் தேர்ந்தெடுத்து, பகுதியைச் செவ்வகமாக இழுத்துக் குறித்து, Capture அழுத்திய பிறகு, நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மென்பொருளுக்குள் போய்ச் சுட்டியை உரிய கட்டத்தின் மீது அசையாமல் நிறுத்தினேன். சிறு பெட்டி திறந்திருந்த நிலையிலேயே படம் விழுந்தது. பட்டியலைத் திறந்து, அளவைத் தேர்ந்தெடுத்து, அதன்பின் சுட்டியை வைக்க வேண்டியிருந்தால் ஐந்து நொடி போதாது. அப்படிப்பட்டவர்கள் பத்து நொடியையே வைத்துக்கொள்ளட்டும்.

அந்தப் படத்தையும் உதவிப் பிரிவு ஏற்கவில்லை. எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு மாறும்போது பிழை வருகிறது என்பது ஒரே படத்தில் தெரியாது என்றார்கள். கோரிக்கையில் நியாயம் இருந்தது. அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். முழுத்திரையைப் பதிவு செய்து கொடுக்க எனக்கு வழியில்லை. அதே திரையின் வலப்பக்கத்தில் வாங்குபவரின் விலைப் பத்தி இருக்கிறது. அது வெளியாள் கைக்குப் போகக் கூடாது. எனவே கருவிப்பட்டையில் Record Selected Portion என்ற பொத்தான்தான் எனக்கான வழியாக இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாம் இழுக்கும் செவ்வகம் திரையின் ஓர் இடத்தைப் பிடிக்கிறதே தவிர, மென்பொருளின் சாளரத்தைப் பிடிப்பதில்லை. பதிவு ஓடும்போது சாளரத்தை நகர்த்தினாலோ பக்கவாட்டில் உருட்டினாலோ, மறைக்க நினைத்த விலைப் பத்தி நேராகச் செவ்வகத்துக்குள் வந்து நின்றுவிடும். என் முதல் ஒத்திகையிலேயே அளவுப் பட்டியல் கீழ்நோக்கி விரிந்து செவ்வகத்துக்கு வெளியே போனதால், XL என்ற வரியே பதிவில் வெட்டுப்பட்டிருந்தது. ஆகவே பட்டையை அழைப்பதற்கு முன்பே பட்டியலை ஒருமுறை முழுவதும் விரித்து அதன் அடி எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டு, அந்த உயரத்துக்குச் செவ்வகத்தை நீட்டி, வலப்பக்க ஓரத்தை விலைப் பத்திக்குச் சற்று முன்பே நிறுத்தினேன். Remember Last Selection என்பதற்கு டிக் இருந்தால் அடுத்த முறையும் அதே செவ்வகம் அதே இடத்தில் வரும். திரும்பத் திரும்ப எடுப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

பதிவு முறையில் இருக்கும்போது Options பட்டியலும் சற்று மாறுகிறது. Show Mouse Clicks என்பதை இயக்கினால், சொடுக்கும்போதெல்லாம் சுட்டியைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும்; எந்த இடத்தில் அழுத்தினேன் என்று எதிர்முனையில் இருப்பவர் கேட்கவே தேவையில்லை. Microphone பகுதியில் None இருப்பதை உறுதி செய்தேன், ஏனெனில் அலுவலகத்தில் யாரேனும் வாங்குபவரின் விலையைப் பேசினால் அதுவும் வீடியோவோடு போய்விடும்.

சேமிக்கும் இடத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இயல்பாக எல்லாம் டெஸ்க்டாப்பில்தான் விழும். எங்கள் அலுவலகக் கணினிகளில் டெஸ்க்டாப் ஐகிளவுடோடு ஒத்திசைவில் இருப்பதால், ஒவ்வொரு ஒத்திகை வீடியோவும் அங்கே ஏறி இடத்தை அடைக்கத் தொடங்கியது. ஐகிளவுடில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டுமே. Save to என்பதன் கீழ் Other Location தேர்ந்தெடுத்து, ஒத்திசைவுக்கு வெளியே புகாருக்கென்று ஒரு கோப்புறையைக் காட்டினேன். இந்தத் தேர்வு நீங்களே மாற்றும் வரை நிலைத்திருக்கும். ஷிஃப்ட், கமாண்ட், 4 அழுத்தி எடுக்கும் சாதாரணப் படங்களும் அதே கோப்புறைக்குத்தான் போகும். "எடுத்த படம் காணோமுங்கண்ணா" என்று பக்கத்து மேசைத் தம்பி தேடியது இதனால்தான். அவர் என் கணினியில் எடுத்த படம் அந்தக் கோப்புறையில் பத்திரமாக இருந்தது.

பதிவு முடிந்ததும் கோப்புறையைத் திறந்தால் அது காலியாக இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். திரையின் வலது கீழ்மூலையில் மிதக்கும் சிறுபடம் மறைந்த பிறகுதான் கோப்பு உரிய இடத்தில் எழுதப்படுகிறது. அந்தச் சிறுபடத்தை வலப்பக்கமாகத் தள்ளிவிட்டால் உடனே சேமிக்கப்படும்; காத்திருக்க விரும்பாதவர்கள் Show Floating Thumbnail என்பதன் டிக்கை எடுத்துவிடலாம்.

என்னை மிகவும் அலைக்கழித்தது பதிவை நிறுத்தும் இடம். நிறுத்தும் பொத்தான் மேலே மெனுபட்டையில் தோன்ற வேண்டும். என் மடிக்கணினியின் திரை மேல்விளிம்பில் கேமராவுக்கான வெட்டு இருக்கிறது. வேறு செயலிகளின் குறிகள் நிறைய இருந்ததால், அந்தப் பொத்தான் வெட்டுக்குப் பின்னே மறைந்து கண்ணுக்கே தட்டுப்படவில்லை. கமாண்ட், கண்ட்ரோல், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பதிவு நின்றுவிடுகிறது. இதை மட்டும் பதிவு தொடங்குமுன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தத் தெரியாமல் திரையெங்கும் தேடும் காட்சியும் வீடியோவில் சேர்ந்துவிடும்.

இறுதியாக அனுப்பிய பதிவு அரை நிமிடத்துக்கும் குறைவு. L தேர்வு, சிறு பெட்டியில் சரியான எண்ணிக்கை. XL தேர்வு, சிறு பெட்டியில் அதே பழைய எண்ணிக்கை. விலை எங்கும் இல்லை. மறுநாளே புகார் எண் வந்தது. பிழை தங்கள் பக்கத்தில்தான் என்று எழுத்திலும் ஒப்புக்கொண்டார்கள். Timer மட்டும் இன்னும் ஐந்து நொடியிலேயே நின்றிருந்தது. அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால், வேலை முடிந்ததும் மறவாமல் None-க்கு மாற்றிவிடுங்கள்.