தவணை எங்கிருந்து வரும்?

மதுரையில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் ஓர் அக்கா, வங்கியில் கொடுக்க ஒரு பக்கம் எழுதி வந்திருந்தார். முக்கால் பக்கம் அவர் பட்ட கஷ்டம். கடைசி வரியில், 'தொழிலை மேம்படுத்த ரூ.5 லட்சம் தேவை.' முத்ரா கடனில் கிஷோர் பிரிவின் உச்சவரம்பு 5 லட்சம் என்பதால் பலரும் அந்தத் தொகையையே எழுதிவிடுகிறார்கள்.

"அஞ்சு லட்சத்துல என்னென்ன வாங்குவீங்க?" என்று கேட்டேன். பெரிய கிரைண்டர் 1.4 லட்சம், மாவை வைக்கக் குளிர்பெட்டி 1.1 லட்சம். மீதியைக் கேட்டதும் சற்றுத் தயங்கினார். "ரெண்டு லட்சம் வெளியில வட்டிக்கு வாங்கினது இருக்கும்மா. அதை அடைச்சுட்டா நிம்மதி. அம்பதாயிரம் கைச்செலவுக்கு."

அந்த நிம்மதி அவருக்கு எவ்வளவு தேவை என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் தொழில்கடனில் அதைச் சேர்க்க முடியாது. கிரைண்டருக்கும் குளிர்பெட்டிக்கும் கடைக்காரர் தரும் விலைப்புள்ளி உண்டு. வங்கி பெரும்பாலும் பணத்தை நேரே அந்தக் கடைக்குத்தான் செலுத்தும். பழைய கடனுக்கும் கைச்செலவுக்கும் அப்படி எதையும் காட்ட முடியாது. எனவே நோக்கத்தை ஒரே வாக்கியமாக்கினோம்: 'தினமும் 60 கிலோ அரைப்பதை 100 கிலோ ஆக்க, இணைத்துள்ள விலைப்புள்ளிகளின்படி இரண்டு இயந்திரங்கள் வாங்க ரூ.2.5 லட்சம்.'

அதிக நேரம் எடுத்தது திருப்பிக் கட்டும் வழிதான். 'மாவு விற்ற பணத்தில் கட்டுவேன்' என்று எழுதியிருந்தார். விற்ற பணம் முழுவதும் கையில் நிற்பதில்லையே. அரிசி, உளுந்து, கரண்ட், பை, கூலி எல்லாம் போகக் கிலோவுக்கு 8 ரூபாய் நிற்கிறது. இப்போதைய 60 கிலோவின் லாபம் வீட்டுச் செலவுக்கும் அந்த வெளி வட்டிக்கும் போய்விடுகிறது. அதைத் தவணைக்கும் காட்டினால் ஒரே பணத்தை இரண்டு முறை செலவழித்ததாகிவிடும். ஆகவே கூடுதல் 40 கிலோவை மட்டும் கணக்கில் எடுத்தோம். மாதம் 26 நாளுக்கு ரூ.8,320.

அவர் கேட்டது மூன்று வருடத் தவணை. 11 சதவீத வட்டியில் மாதம் ஏறக்குறைய ரூ.8,200 வரும். கூடுதல் லாபம் அப்படியே அதில் கரைந்துவிடும். ஒரு வாரம் வியாபாரம் படுத்தாலும் தவணை தவறும். ஐந்து வருடமாக்கினால் ரூ.5,450-க்குள் அடங்கும். லாபம் தவணையைப் போல ஒன்றரை மடங்கு இருக்கிறது. மொத்த வட்டி கூடும்தான். அதைச் சொன்னபோது, "மாசாமாசம் மூச்சு விட முடியணும்மா" என்றார்.

அந்த 40 கிலோவை யார் வாங்குவார்கள் என்பதற்கும் சான்று வேண்டும். ஒரு கேன்டீனும் இரண்டு மளிகைக் கடைகளும் தினசரித் தேவையைக் கையெழுத்திட்டுத் தந்தன. ஜிபேயில் வந்த பணம் வங்கிக் கணக்கில் பதிவாகியிருந்ததால், இதுவரை நடந்த விற்பனைக்கு ஆறு மாத ஸ்டேட்மென்ட் போதுமானதாக இருந்தது.

கஷ்டப்பட்ட கதையை இரண்டு வரியாகச் சுருக்கி, எத்தனை வருட அனுபவம் என்பதை மட்டும் விட்டுவைத்தேன். அப்படிக் கிடைத்த இடத்தில் இந்த வரியைச் சேர்த்தோம்: 'கூடுதல் விற்பனை 40 கிலோவுக்குப் பதில் 27 கிலோவாகக் குறைந்தாலும் மாதத் தவணையைக் கட்ட முடியும்.'