துடிப்புக்கு நான்கு கிராம்

ரத்தப் பரிசோதனைக்காக இன்று என் கையில் ரப்பர் பட்டையை இறுக்கினார் செவிலியர். மேலே போக வழியில்லாமல் கட்டுக்குக் கீழே சிரைகள் புடைத்தன.

ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது என்பதற்கு, லண்டன் மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று.

அதுவரை பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனின் கூற்றுதான் பாடம்: கல்லீரல் உணவிலிருந்து ரத்தத்தை உண்டாக்குகிறது, உடல் அதைச் செலவழித்துவிடுகிறது.

ஹார்வி கணக்குப் போட்டார். துடிப்புக்கு இதயத்திலிருந்து வெறும் 4 கிராம் ரத்தம் வெளியேறினாலும், அரை மணிக்கு 1000 துடிப்பு என்றால் ஒரு மணி நேரத்தில் 8 கிலோ! உடலில் அவ்வளவு ரத்தமே இல்லை. எந்த உணவும் அதை ஈடுகட்டாது.

தன் வாதத்துக்குப் பாதகமான, மிகக் குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாரே, அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆக, அதே ரத்தம்தான் சுற்றி வருகிறது. தமனியிலிருந்து சிரைக்கு அது கடக்கும் வழியை மட்டும் அவரால் காட்ட முடியவில்லை. 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலில், நுண்ணோக்கி வழியே அந்த நுண்குழாய்களைக் கண்டார்.