40 நிமிடத்தில் ஒரு போன் கால்: மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்த அனுபவம்

திருப்பூரில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். நேரம் 7.30 முதல் 8.30 வரை என்று வாசலில் எழுதியிருக்கும். பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள், பேக்கிங் சூப்பர்வைசர்கள், சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருக்கும் ஒரு அக்கா என்று இருபது பேர். வேலை முடிந்து, வண்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார 7.45 ஆகிவிடும். 8.25க்கு வாட்ச்மேன் சாவியோடு கதவருகே வந்து நிற்பார். கையில் இருப்பது 40 நிமிடம்தான்.

இதற்கு நிர்வாகம் கொடுத்த திட்டம் என்ன தெரியுமா? பன்னிரண்டு டென்ஸ், வகுப்புக்கு ஒன்று, வரிசை மாறக் கூடாது. ஷிப்மென்ட் நெருங்கினால் பாதிப் பேர் வர முடியாது. சனிக்கிழமை சம்பள நாள், அன்றும் வர முடியாது. ஐந்தாவது டென்ஸுக்கு வந்து உட்காருபவர் மூன்றையும் நான்கையும் பார்த்தே இருக்க மாட்டார். இதை எடுத்துச் சொன்னால், “சிலபஸ் முடிக்கணும் மேடம், பீஸ் வாங்கியிருக்கோம்” என்று ஒரே பதில். அதோடு ஒவ்வொருவரும் முன்னால் வந்து நின்று பேச வேண்டும் என்று இன்னொரு கட்டாயம். இருபது பேருக்கு 40 நிமிடம் என்றால் ஆளுக்கு 2 நிமிடம். மீதி 38 நிமிடம் கை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். பகலெல்லாம் உழைத்துவிட்டு, வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிறவர்களின் நேரம் இது. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அவர்களுக்கு என்ன தேவை என்பது ஒருவர் பேச்சிலேயே தெரிந்துவிட்டது. “டெல்லியில இருந்து லேபிள் சப்ளையர் கூப்பிட்டா, போனை பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டு நகர்ந்துக்குவேனுங்க மேடம்.” அன்றிலிருந்து ஒரு வகுப்புக்கு ஒரு போன் கால் என்று வைத்துக்கொண்டேன். அந்த கால் அன்றே தொடங்கி அன்றே முடியும். நேற்று வராதவர் இன்று எதையும் இழக்க மாட்டார்.

7.30க்கே வந்துவிடுபவர்கள் முந்தைய வகுப்பின் போன் கால் உரையாடலை இரண்டிரண்டு பேராக மறுபடி பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். தாமதமாக வருகிறவருக்காகத் திரும்பச் சொல்லியே 10 நிமிடம் போய்விடும்.

லேபிள் ஆர்டர் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். 7.45க்கு நிலைமையைத் தமிழிலேயே சொல்லிவிடுவேன்: லேபிள் வரவில்லை, பேக்கிங் நிற்கிறது, சப்ளையருக்குப் போன் செய்து எப்போது அனுப்புவார் என்று கேட்க வேண்டும், எண்ணிக்கையை உறுதி செய்ய வேண்டும். இதை ஆங்கிலத்தில் விளக்கி நேரத்தைத் தீர்ப்பதில் எந்தப் பயனும் இல்லை. ஜோடியில் ஒருவருக்கு ஆர்டர் விவரம் எழுதிய சீட்டு, மற்றவருக்கு சப்ளையரிடம் இருக்கும் சரக்கு விவரம் எழுதிய சீட்டு. ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டிலும் எண்கள் வேறாக இருக்கும், அதனால் கேட்டே ஆக வேண்டும். முழு உரையாடலை அச்சடித்துக் கொடுத்தால் தலை குனிந்து வாசித்துவிடுவார்கள். எல்லா ஜோடியும் ஒரே நேரத்தில் முடித்தால் யாரும் பேசவில்லை, வாசிக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நாற்காலிகளை முதுகோடு முதுகாகத் திருப்பிப் போடச் சொல்வேன். போனில் முகம் தெரியாது, கை காட்ட முடியாது. தெரிந்த ஆங்கிலத்தை வைத்து முதல் 7 நிமிடம் அவர்களே முட்டி மோதிப் பேசட்டும். நான் குறுக்கே போவதில்லை, நோட்டில் குறித்துக்கொண்டே நடப்பேன்.

பாடம் அதற்கு அப்புறம்தான். அந்த 7 நிமிடத்தில் எங்கே தடுக்கியதோ அதை மட்டும் சொல்லித் தருவேன். அன்று பெரும்பாலானோர் “வென் யு வில் சென்ட்?” என்றார்கள். தமிழில் “நீங்க எப்ப அனுப்புவீங்க” என்று கேட்கும்போது ‘நீங்க’வுக்கு முன்னால் வினை வராது, அந்தப் பழக்கம்தான் இங்கேயும் வருகிறது. “வென் வில் யு சென்ட் த லேபிள்ஸ்?” என்று போர்டில் எழுதி, ‘லேபிள்ஸ்’ இருக்கும் இடத்தில் ஜிப், பட்டன், அட்டைப்பெட்டி என்று மாற்றி மாற்றி எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். ஃபியூச்சர் டென்ஸ் என்ற பேரையே எடுக்கவில்லை, ஆனால் நிர்வாகம் கேட்ட டென்ஸ் அதில் இருந்தது.

அடுத்த சிக்கல் எண். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒன்றாகக் கேட்கும். 15 பெட்டிக்கு 50 பெட்டி வந்து இறங்கினால் பணம் யார் தலையில் விழும்? ஃபிஃப்டீனில் அழுத்தம் பின்பக்கம், ஃபிஃப்டியில் முன்பக்கம். ஆனால் சப்ளையர் எப்படி உச்சரிப்பார் என்பது நம் கையில் இல்லை. அதனால் “ஒன் ஃபைவ், ஃபிஃப்டீன். கரெக்ட்?” என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லும் பழக்கத்தைத் தனியாகப் பயிற்சி கொடுத்தேன். வகுப்பில் எல்லோரும் உடனே எடுத்துக்கொண்டது இதைத்தான். இரண்டு விஷயம் போதும், மூன்றாவதைச் சேர்த்தால் அடுத்த சுற்றில் மூன்றுமே காணாமல் போகும்.

8.05க்கு மறுபடி அதே கால், மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வேறு ஆள். 4/3/2 என்று ஆசிரியர்கள் சொல்லும் முறை இது. 1983இல் கீத் மாரிஸ் எழுதியது. ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் முதலில் 4 நிமிடம், அப்புறம் 3, அப்புறம் 2 நிமிடத்தில் சொல்ல வேண்டும். அது ஒருவரே பேசுவதற்கான முறை. என் வகுப்பில் அதை அப்படியே வைத்தால், நேரம் சுருங்கச் சுருங்க வாக்கியத்தை விட்டுவிட்டு ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதனால் 3, இரண்டரை, 2 நிமிடம் என்று மெதுவாகக் குறைக்கிறேன். மூன்றாவது சுற்றில் நடுவே நின்று யோசிப்பது குறைவதைக் காதாலேயே கேட்கலாம். ஒருவர் மிஞ்சினால் அவர் மேனேஜர்: பேசுவதைக் கேட்டுத் தேதியையும் எண்ணிக்கையையும் எழுத வேண்டும். எழுதியது சீட்டோடு ஒத்துப்போனால் கால் வெற்றி.

கடைசி 8 நிமிடத்தில் இரண்டு தவறான வாக்கியங்களைப் பேர் சொல்லாமல் போர்டில் எழுதுவேன், அவர்களே திருத்துவார்கள். அதற்கு மேல் திருத்துவதில்லை. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் நோட், அரை நிமிடம். எழுத்து வேலை கொடுத்தால் யாராலும் செய்ய முடியாது.

நிர்வாகத்தோடு மல்லுக்கட்டு முடிந்தபாடில்லை. மாதத் தேர்வு என்று கோடிட்ட இடத்தை நிரப்பும் தாளைக் கொடுத்தார்கள். பக்கத்து அறையிலிருந்து நானே சப்ளையராகப் போன் செய்கிறேன், எண்ணிக்கையும் தேதியும் சரியாக வாங்கினால் மதிப்பெண் என்று கேட்டேன். விடாமல் கேட்டதில் பாதி மதிப்பெண்ணை அதற்கு ஒதுக்கிவிட்டார்கள். டென்ஸ் அட்டவணை இப்போது சுவரில் தொங்குகிறது, வகுப்பு நேரத்தைச் சாப்பிடுவதில்லை.

இன்னும் சரியாகாதது ஒன்று உண்டு. இவர்கள் காதில் விழும் ஆங்கிலம் என்னுடையதும் பக்கத்தில் இருப்பவருடையதும் மட்டும்தான். டெல்லிக்காரர் வேகமாகப் பேசினால் திரும்பவும் தடுமாறுகிறார்கள். அங்கே இருக்கும் தோழி ஒருத்தியிடம் இதே லேபிள் கால்களைப் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் முதல் 7 நிமிடத்துக்கு முன்னால் அதை ஒருமுறை போட்டுக் காட்டப் போகிறேன்.