ஒரே சொல்லோடு வருபவர்கள்

ஜூன் 8

அச்சகத்துக்காரர் அனுப்பிவைத்ததாகச் சொல்லி ஓர் இளைஞர் வந்தார். திண்ணையில் உட்காரும்போதே "கவிதை, டீச்சர்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. விழாக்களுக்குக் கவிதையும் பேச்சும் எழுதி வாங்க என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அவர்கள் மனத்தில் நிகழ்ச்சி முழுவதும் இருக்கிறது. எனக்கும் அது தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எதற்கு என்றேன். அப்பாவுக்கு அறுபது, மணிவிழா. அடுத்து, கவிதையைச் சட்டம் போட்டுக் கொடுக்கப்போகிறீர்களா, மேடையில் படிக்கப்போகிறீர்களா என்றேன். அவர் அதை யோசித்திருக்கவில்லை. எனக்கோ இந்தப் பதில் இல்லாமல் முதல் வரி வராது. சட்டத்துக்குள் போகும் வாழ்த்துமடல் கூடத்துச் சுவரில் பல ஆண்டுகள் தொங்கும். வருபவர்கள் நின்று படிப்பார்கள், விட்ட வரிக்குத் திரும்பிப் போவார்கள். அதில் செறிவாக எழுதலாம், வெண்பாவும் வைக்கலாம். மேடைக் கவிதை ஒரே ஒரு முறைதான் காதில் விழும். அங்கே சிறிய வரிகள் வேண்டும். சாப்பாட்டுப் பந்திக்குப் போய்த் திரும்பியவரும் இடையில் சேர்ந்துகொள்ளும்படி ஒரு வரி திரும்பத் திரும்ப வரவேண்டும்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார்.

ஜூன் 10

சட்டம்தான் என்று முடிவாகிவிட்டது. இன்று கேட்டவை இரண்டு: கீழே யார் யார் பெயர் வரும், வீட்டில் அப்பாவை எப்படிக் கூப்பிடுவீர்கள்.

பெயர் வரிசை சிறிய விஷயமாகத் தெரியும். மகன் மட்டும் கொடுத்தால் "என்", எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கொடுத்தால் "எங்கள்". மருமகள், மருமகன் பெயர்களும் சேர்ந்தால், சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோன நினைவை எல்லாருடையதுமாக எழுத முடியாது. இரண்டாவது கேள்விக்கு அவர் சற்றுத் தயங்கி, "நீங்க என்றுதான் பேசுவோம்" என்றார். அப்படியானால் கவிதையில் "நீ" வராது. பல வீடுகளில் வரும், அழகாகவும் இருக்கும். இந்த வீட்டில் பெரியப்பா படித்துவிட்டு முகம் சுளிப்பார்.

அம்மாவின் பெயர் கவிதைக்குள் வரவேண்டும் என்றார். வெண்பா எழுதுபவர்கள் முதலிலேயே கேட்கவேண்டிய விவரம் இது. எடுத்துக்காட்டாக, கோமதி என்றால் நேர் நிரை, கூவிளம். கடைசிச் சீரைத் தவிர எங்கே வைத்தாலும் உட்கார்ந்துவிடும். தனலட்சுமி என்றால் நிரை நேர் நிரை, புளிமாங்கனி. வெண்பாவில் கனிச்சீருக்கு இடமில்லை. "தனலட் சுமி" என்று வெண்பாவின் கடைசி இரண்டு சீராகப் பிரித்தால் தளை தட்டாது, மாவுக்குப் பின் நிரை வந்துவிடுகிறது. இலக்கணம் ஏற்கும். ஆனால் அம்மா பெயரை வெட்டி அச்சிட்ட மடலை எந்தப் பிள்ளை கூடத்தில் மாட்டுவான்? அப்படிப்பட்ட பெயருக்கு நான் ஆசிரிய விருத்தத்துக்கோ புதுக்கவிதைக்கோ போய்விடுவேன். ஆகவே பெயரைக் கேட்பது பாவகையைத் தேர்ந்தெடுப்பதும்தான்.

ஜூன் 19

தொலைபேசியில் ஒரு பெண். "அக்கா, ஒரு பேச்சு வேணும்." அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் அவருடைய சித்தி இந்த மாதம் 30ஆம் தேதி ஓய்வு பெறுகிறார். அன்று பிற்பகல் பாராட்டு விழா.

யார் பேசப்போவது என்றேன். "சித்திதான்."

இந்த ஒரு பதிலில் எல்லாம் திசை மாறிவிட்டது. பணி நிறைவு விழாப் பேச்சு என்றதும் வாழ்த்துரை என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கே வேண்டியது ஏற்புரை. வாழ்த்துரையில் புகழலாம், ஏற்புரையில் தன்னைப் புகழ்ந்துகொள்ள முடியாது. அது நிகழ்ச்சி நிரலில் கடைசிக்கு முந்தியது. அதன் பின் நன்றியுரைதான். அதற்குள் எட்டுப் பேராவது பேசி முடித்திருப்பார்கள், மாலை போட்டிருப்பார்கள், கூட்டம் காப்பியை நினைத்துக்கொண்டிருக்கும். நான் மூன்று நிமிடத்துக்கு மேல் எழுதமாட்டேன். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொற்கள் என்பது என் கணக்கு. குரல் தழுதழுக்கும் நாள் அது, நிறுத்தங்கள் கூடும். ஆகவே இருநூற்றிருபது சொற்கள் போதும்.

கேட்பவர்கள் யார் என்றும் விசாரித்தேன். மருத்துவர்கள், உடன் பணிபுரிந்தவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், இரண்டு மகன்கள், புதிதாக வந்த மருமகள். "எல்லாரும்" என்று விட்டுவிடாமல் ஒவ்வொருவராகச் சொல்லவைப்பது நல்லது. துப்புரவுப் பணியாளர்கள் அவையில் இருப்பது தெரியாவிட்டால் பேச்சு முழுவதும் மருத்துவர்களுக்கே நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்.

ஜூன் 21

சித்தியிடமே பேசினேன். மேடையில் சொல்ல விரும்பாதது ஏதாவது உண்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. கணவர் போய் ஓராண்டு ஆகவில்லை என்றார். "அவர் பெயரைச் சொன்னால் என்னால் மேலே பேச முடியாது, டீச்சர்."

இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் விடுவதில்லை. வேறு எந்தக் கேள்விக்கும் இந்த விவரம் தானாக வெளியே வராது. கேட்காமல் எழுதினால் "என் வெற்றிக்குத் துணைநின்ற கணவர்" என்ற வரி வழக்கப்படி வந்து விழுந்திருக்கும், அந்த இடத்தில் அவர் நின்றுபோயிருப்பார். சொல்லாமலே விட்டுவிடவும் அவருக்கு மனமில்லை. கடைசி வாக்கியத்துக்கு முன்னால் வைக்கிறேன், முடிந்தால் சொல்லுங்கள், முடியாவிட்டால் அந்த வரியைத் தாண்டிக் கடைசி வரிக்குப் போய்விடலாம் என்றேன். அதற்கேற்ப இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று சாராமல் நிற்கவேண்டும்.

பிறகு ஒரு சம்பவம் கேட்டேன். "மறக்க முடியாதது" என்று கேட்டால் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. முதல் இரவுப் பணி எந்த வார்டில் என்றேன். பிரசவ வார்டு, மின்சாரம் போன இரவு, ஆயா ஒருவர் விடியும்வரை லாந்தரைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று வந்துகொண்டே இருந்தது. அந்த ஆயாவின் மகள் இப்போது அதே மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர், 30ஆம் தேதி அவையில் இருப்பார். தொடக்கம் கிடைத்துவிட்டது.

ஜூன் 25

கேள்விகளை அச்சடித்து ஒரு படிவமாகக் கொடுத்துவிடலாமே என்று அச்சகத்துக்காரர் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. ஒரு சொல்லோடு வந்தவரிடம் இருபது கேள்வியை நீட்டினால், இணையத்தில் எதையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விடுவார். பிறந்த ஊர், படிப்பு, பதவிகள் எல்லாம் படிவத்தில் நிரம்பும். அவற்றில் பாதி பேச்சில் வராது. பதில் எதுவானாலும் என் வரி மாறாது என்றால் அந்தக் கேள்வியை நான் கேட்பதே இல்லை. நிகழ்ச்சி, பேசுபவர், கேட்பவர், நேரம், தவிர்க்கவேண்டியது என்ற ஐந்தும் ஒவ்வொரு முறையும் வரியை மாற்றுகின்றன.

இதற்கும் வாய் திறக்காதவர்கள் உண்டு. அவர்களுக்கு ஊகத்தில் நான்கு வரி எழுதிப் படித்துக்காட்டுவேன். "எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லையே, யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார்" என்று மறுக்கத் தொடங்குவார்கள். அந்த மறுப்பிலிருந்துதான் மனிதர் தெரிவார்.

ஜூலை 9

இன்று கைப்பேசிக்கு வந்தது: "காமராசர் பேச்சு." ஜூலை 15 அவர் பிறந்தநாள், பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். எதற்கு என்று கேட்கத் தேவையில்லை. எந்த வகுப்பு, எத்தனை நிமிடம், போட்டியா காலை வழிபாட்டுக் கூட்டமா என்று மட்டும் கேட்டு, பள்ளியின் சுற்றறிக்கையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்.

மூன்றாம் வகுப்பு, இரண்டு நிமிடம், போட்டி. தலைப்பு "கல்விக்கண் திறந்தவர்". ஆகவே அணைகளையும் தொழிற்சாலைகளையும் பற்றி எழுதினால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். மதிய உணவும் புதிதாகத் திறந்த பள்ளிகளும் போதும். அவை விளிப்பை நீட்டினால் இரண்டு நிமிடத்தில் இருபது விநாடி அதற்கே போய்விடும், ஒரு வரியோடு நிறுத்தவேண்டும்.

குழந்தையைப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி படிக்கவைத்துப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எத்தனை சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது என்று கேட்டுவிட்டு எழுத உட்காரவேண்டும்.