காலி இருக்கைக்கும் வாடகை உண்டு

கணினிப் பயிற்சி மையத்தில் ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரம் கற்பிக்க ஆகும் செலவைக் கணக்கிடும்போது, பலரும் இருக்கைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். வகுக்க வேண்டியது கட்டணம் செலுத்தி அமர்ந்திருப்பவர்களின் எண்ணிக்கையால்தான்.

மாத வாடகை 24,000, ஒரே அறையில் நான்கு பேட்ச்கள், ஒவ்வொன்றும் மாதம் 40 மணி நேரம் என்று கொள்வோம். ஒரு பேட்சின் வாடகைப் பங்கு 6,000. மணிக்கு 150 வீதம் பயிற்றுநர் ஊதியமும் 6,000. ஆக, ஒரு வகுப்பு மணிக்கு 300 செலவாகிறது. பன்னிரண்டு இருக்கைகளும் நிரம்பினால் மாணவர் ஒருவருக்கு 25. ஐந்து பேர் மட்டுமே இருந்தால் 60.

இப்போது ஐந்து பேர் கொண்ட பேட்சையும் ஆறு பேர் கொண்ட பேட்சையும் இணைத்தால் செலவு பாதியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் வாடகை குறைவதில்லை. அது எஞ்சிய மூன்று பேட்ச்களின் மீது தலா 8,000 ஆக ஏறிக்கொள்கிறது. எனவே இணைத்த பேட்சில் மாணவர் ஒருவருக்கான செலவு மணிக்கு ஏறத்தாழ 32 ஆக இறங்கினாலும், மற்ற இரண்டின் செலவு உயர்கிறது. மையத்துக்கு உண்மையில் மிச்சமாவது ஒரு பயிற்றுநரின் 6,000 மட்டுமே. அவர் மாதச் சம்பளக்காரராக இருந்தால் (பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்) அதுவும் இல்லை.

அதேபோல், புதிய பேட்ச் தொடங்கலாமா என்ற முடிவில் வாடகையைச் சேர்க்கக் கூடாது. வரும் கட்டணம் பயிற்றுநர் ஊதியத்தையும் மின்சாரத்தையும் தாண்டுகிறதா என்பதே அங்கே கேள்வி.