ரீச்சரை ஆணாக்கிய ‘அன்’

"சித்தி, என்ர ரீச்சரை ஏன் ஆம்பிளையாக்கினீங்கள்?"

ரொறொன்ரோவிலிருந்து அக்காவின் மகள் போனில் கேட்டாள். பிரான்சில் படிக்க விண்ணப்பிக்கிறாள். ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை பிரெஞ்சாக்கித் தரச் சொல்லியிருந்தாள். 'எனக்கு ஃப்ரெண்ட் ஆகிவிட்ட ஒரு டீச்சர்தான் பூச்சிகளைப் பொறுமையாகப் பார்க்கப் பழக்கினார்' என்பது ஒரு வரி. அந்த ஆங்கில வரியில் ஆணா பெண்ணா என்று காட்ட எதுவும் இல்லை. நான் யோசிக்காமல், ஆண்பாலுக்கு வரும் ‘ஒரு’வான ‘அன்’ போட்டு ‘அன் புரொஃபெசர்’ என்று எழுதி, ஃப்ரெண்டையும் ‘அன் அமி’ ஆக்கிவிட்டேன். அப்புறம் அடுத்த வரிகளில் வந்த ‘அவர்’ எல்லாம் தானாகவே ‘அவன்’ ஆகிவிட்டன.

பாரிஸ் வந்து 11 வருஷம். லா ஷப்பலில் தேங்காய் வாங்குகிற அளவு இலகுவாக பிரெஞ்சு பேசுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

பிரெஞ்சில் பெயர்ச்சொல்லோடு பாலும் சேர்ந்தே வரும், தள்ளிப்போட முடியாது. பேச்சில் கொஞ்சம் ஒளிக்கலாம். ‘என் ஃப்ரெண்ட்’ என்பதற்கு ‘மோன் அமி’ என்றால் தோழனா தோழியா என்று காது சொல்லாது. தோழிக்கு எழுத்தில் மட்டும் கடைசியில் ஓர் ஊமை எழுத்து கூடும். ஆனால் ‘உயிர்த் தோழி’ என்று அடைமொழி போட்டால் ‘மோன்’ போய் ‘மா’ வந்துவிடும், குட்டு உடைந்துவிடும். ஸ்பானிஷில் அந்த மறைவும் இல்லை. ‘அமிகோ’, ‘அமிகா’ என்று வாயே சொல்லிவிடும்.

புரொஃபெசருக்குக் கதை வேறு. பெண் ஆசிரியரையும் நெடுங்காலம் ஆண்பாலிலேயே எழுதினார்கள். தொழிற்பெயர்களின் பெண்பால் வடிவங்களை பிரெஞ்சு அகாதமி ஏற்றது 2019-இல்தான். ‘ஒருவர்’ என்று மழுப்பி எழுதவும் வழி உண்டு. ஆனால் அப்படி எழுதினால் அவள் நேசித்த ரீச்சர் கடிதத்திலிருந்தே காணாமல் போய்விடுவார். அதனால் ‘யூன் அன்சென்யான்த்’ என்று மாற்றினேன். ஆசிரியை. பின்னால் வந்த ‘அவன்’களை ஒவ்வொன்றாகத் தேடி ‘அவள்’ ஆக்கினேன். ஒன்று தப்பியிருந்தாலும் வாசிப்பவர் இரண்டு பேர் என்று நினைப்பார்.

எனக்கு ஆறவே இல்லை. எங்கள் ஊரில் ரீச்சர் என்றாலே பெண்தானே! ஆண் என்றால் மாஸ்ரர், இல்லாவிட்டால் சேர். ஆங்கிலத்தில் பாலில்லாத அந்தச் சொல்லுக்கு நாங்களே சேலை கட்டிவிட்டோம். அப்படியிருக்க என் கை எப்படி ‘அன்’ போட்டது?

திருத்திய கடிதத்தை அனுப்பிவிட்டு, சரி முடிந்தது என்று தேத்தண்ணீர் வைத்தேன். அடுப்படியில் நிற்கும்போது நாலாம் வகுப்பு ரீச்சர் நினைவுக்கு வந்தார். மாரி மழையில் ஒரு கையில் குடை, மறுகையில் நான். சேலைக் கரை முழுக்கச் செம்மண். என் கொப்பிகள் நனையக்கூடாது என்று தன் தோளை மழைக்குக் கொடுத்துக்கொண்டு நடந்தார்.