மருத்துவச் சான்றிதழ் கொடுத்தும் வருகை குறைந்த கதை

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், கிளேட்டன் பகுதியில் நான் முதலில் தங்கியிருந்த வீட்டிலிருந்து அண்ணன் ஒருவர் அழைத்தார். "தம்பி, உன் பெயருக்குப் பள்ளியிலிருந்து ஒரு கவர் வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன், சொல்ல மறந்துவிட்டேன். பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கும்" என்றார். வங்கி அட்டையாக இருக்கும் என்று நினைத்தேன். பள்ளி எதற்கு வங்கி அட்டை அனுப்பப் போகிறது என்று அப்போது தோன்றவில்லை.

அது நான் படித்த ஆங்கிலப் பள்ளி, வருகைக் குறைவுக்காக என்னைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்கப் போவதாகச் சொன்ன அறிவிப்பு. மறுப்பு இருந்தால் 20 வேலை நாட்களுக்குள் பள்ளியிடமே மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தது. கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். 12 வேலை நாட்கள் போய்விட்டிருந்தன.

மெல்போர்னில் முதுகலைப் படிப்பு தொடங்குவதற்கு முன் 15 வாரம் ஆங்கிலப் படிப்பு என்று எனக்கு அமைந்திருந்தது. இரண்டுக்கும் தனித்தனிச் சேர்க்கை உறுதிச் சான்று, எல்லோரும் சி.ஓ.இ. என்பார்கள். விசாவோ ஒன்றுதான். முதல் சான்று ரத்தானால் இரண்டாவது நிற்காது, இரண்டும் இல்லாவிட்டால் விசா நிபந்தனை 8202 மீறப்படும். அந்த நிபந்தனை சேர்க்கை, படிப்பில் தேர்ச்சி, வருகை மூன்றையும் கேட்கிறது. பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் தேர்ச்சியைத்தான் பார்ப்பார்கள். ஆங்கில வகுப்பில் மணிக்கணக்கில் வருகையை எண்ணுவார்கள்.

நான் எங்கே வழுக்கினேன் என்பதை எண்களோடு சொன்னால்தான் புரியும். வாரத்துக்கு 20 மணி நேரம், 15 வாரத்துக்கு 300. குறைந்தபட்ச வருகை 80 சதவீதம், அதாவது 240 மணி. மொத்தப் படிப்புக் காலத்துக்கும் என் கையில் இருந்த விடுப்பு 60 மணிதான். நான்காவது, ஐந்தாவது வாரங்களில் எனக்கு அம்மை போட்டது. மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி ஆசிரியைக்கு அனுப்பினேன். "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அன்பாகப் பதில் போட்டிருந்தார். அதை விடுப்பு அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

தவறு அங்கேதான். எங்கள் பள்ளியின் வருகைப் பதிவில் 'அனுமதிக்கப்பட்ட விடுப்பு' என்ற கட்டமே கிடையாது. வந்தால் வந்த மணி, வராவிட்டால் வராத மணி. சான்றிதழ் கொடுத்தாலும் அந்த 40 மணியும் வராத கணக்கில்தான் ஏறும். சான்றிதழ் எண்ணிக்கையை மாற்றாது; பின்னால் மேல்முறையீட்டில்தான் அதற்கு வேலை. என் வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் நான் நினைத்த மாதிரியேதான் நினைத்திருந்தார்கள்.

ஆறாவது வாரம் வாடகை குறைவு என்று மெல்போர்னின் புறநகரான வெர்ரிபீக்குக் குடிபோனேன். சாமான் மாற்ற இரண்டு நாள் விடுப்பு, 8 மணி. மீதமிருந்தது 12 மணி. புது வீட்டிலிருந்து காலை ரயில் பிடிப்பது பழகவில்லை. வகுப்பு தொடங்கி 15 நிமிடம் கழித்து நுழைந்தால் ஒரு மணி நேரம் வரவில்லை என்று குறிப்பது எங்கள் பள்ளி வழக்கம். ஒன்பதாவது வாரம் முடிவதற்குள் அப்படியே 15 மணி கரைந்தது. ஒருநாள் 17 நிமிடம் தாமதம், ஒரு மணி போனது. கதவைத் திறந்தபோது ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் ஏதோ கிறுக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆக 40, 8, 15, மொத்தம் 63. ஒன்பதாவது வார முடிவில் இணையப் பக்கத்தில் என் 'தற்போதைய வருகை' 65 சதவீதம் என்று காட்டியது: நடந்தது 180 மணி, நான் இருந்தது 117. இனி ஒழுங்காகப் போனால் ஏறிவிடும் என்று அதைப் பார்த்தே என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். பள்ளி பார்ப்பது அந்த எண்ணை அல்ல. அதன் கீழே சிறிய எழுத்தில் இன்னொன்று இருந்தது: இனி ஒரு மணிகூடத் தவறவிடாமல் போனால் எட்டக்கூடிய அதிகபட்ச வருகை. எனக்கு அது 237 மணி, 79 சதவீதம். அது 80-க்குக் கீழே இறங்கியபின் மீண்டும் ஏறவே ஏறாது. மூன்று மணி நேர வித்தியாசத்தில் கோட்டைத் தாண்டியிருந்தேன்.

எச்சரிக்கையே வரவில்லையே என்று மாணவர் சேவைப் பிரிவில் போய்ச் சண்டை பிடிக்கும் எண்ணத்தோடுதான் போனேன். அங்கிருந்த பெண்மணி திரையைத் திருப்பிக் காட்டினார். ஐந்தாவது வாரமும் ஏழாவது வாரமும் இரண்டு எச்சரிக்கை மின்னஞ்சல்கள் போயிருந்தன. போன முகவரி என் ஏஜென்டுடையது. விண்ணப்பம் நிரப்பியபோது மாணவரின் மின்னஞ்சல் என்ற இடத்தில் அவர் தன்னுடையதைப் போட்டிருக்கிறார். கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. அறிவிப்புக் கடிதம் பதிவுத் தபாலில் பழைய வீட்டுக்குப் போயிருந்தது, ஏனென்றால் பள்ளியிடம் இருந்த முகவரி அதுதான்.

"நான் முகவரி மாற்றத்தைத் தெரிவித்துவிட்டேனே" என்றேன். "யாரிடம்?" என்று கேட்டார். குடிவரவுத் துறையின் இணையக் கணக்கில் மாற்றியிருந்தேன். வங்கியிலும் மாற்றியிருந்தேன். பள்ளியிடம் சொல்லவில்லை. நிபந்தனை 8533 முகவரியைக் கல்வி நிறுவனத்திடம் சொல்லச் சொல்கிறது: ஆஸ்திரேலியாவுக்கு வந்த 7 நாட்களுக்குள் குடியிருக்கும் முகவரி, மாறினால் மாறிய 7 நாட்களுக்குள் புது முகவரி. அரசுக்குச் சொன்னால் பள்ளிக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நான் நினைத்தது வெறும் கற்பனை. அங்கேயே நின்றபடி முகவரி, மின்னஞ்சல், கைப்பேசி எண் மூன்றையும் மாற்றினேன். ஒரு மாதத்துக்கு மேல் தாமதம். அதற்காக யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை; ஆனால் அந்தத் தாமதம்தான் என் 12 நாட்களைத் தின்றது.

அவர் சொன்ன அடுத்த விஷயம்தான் என்னைக் காப்பாற்றியது. வெளிநாட்டு மாணவர்களுக்கான தேசிய நடைமுறை விதிகள் 2018-இல் ஒரு சலுகை இருக்கிறது. வருகை 80-க்குக் கீழே போனாலும், 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்து, தக்க காரணத்துக்கு உண்மையான ஆதாரமும் இருந்தால், மாணவரைத் தெரிவிக்க வேண்டாம் என்று பள்ளி முடிவு செய்யலாம். செய்யலாம் என்றுதான் இருக்கிறது, செய்ய வேண்டும் என்று இல்லை. 70-க்குக் கீழே போய்விட்டால் பள்ளிக்கு அந்தச் சலுகையும் இல்லை. என் விஷயத்தில் 70 சதவீதம் என்பது 210 மணி. நான் 237-இல் நின்றேன். இன்னும் 27 மணிக்கு மேல் கரைந்திருந்தால் மருத்துவச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்திருக்க முடியாது.

மேல்முறையீட்டுக் கடிதத்தை முதலில் மூன்று பக்கம் எழுதினேன். குடும்ப நிலைமை, கல்விக் கடன், ரயில் தாமதம் எல்லாம் வந்தது. முன்பு இதே வழியில் போய்வந்த ஒரு அக்கா படித்துவிட்டு முக்கால்வாசியை அடித்துவிட்டார். "ரயிலைப் பற்றி எழுதாதே. 15 முறை ரயில் தாமதம் என்றால் ஒரு ரயில் முன்னால் ஏறியிருக்கலாமே என்றுதான் கேட்பார்கள். அம்மைக்கு ஆதாரம் இருக்கிறது, அதை மட்டும் பிடித்துக்கொள்" என்றார். கடைசியில் ஒரு பக்கம்தான் மிஞ்சியது. 63 மணியில் 40 மணி அம்மையால் போனது. அதைக் கழித்துப் பார்த்தால் விடுபட்டது 23 மணி மட்டும். சான்றிதழ், மருந்துக்கடை ரசீது, அதே வாரத்தில் ஆசிரியைக்குப் போன மின்னஞ்சல் ஆகியவற்றை இணைத்தேன். அந்த மின்னஞ்சலுக்குத்தான் அதிக மதிப்பு இருந்தது என்று பிறகு தெரிந்தது. பிரச்சினை வந்தபின் வாங்கிய சான்றிதழ் அல்ல என்பதற்கு அது சாட்சி. தாமதங்கள் என் தவறு என்று ஒரே வரியில் ஒப்புக்கொண்டேன். பதினாறாவது வேலை நாளில் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு பதில் மின்னஞ்சலும் கேட்டு வாங்கினேன்.

மேல்முறையீடு முடியும்வரை பள்ளி யாரையும் தெரிவிக்க முடியாது, சேர்க்கையும் அப்படியே இருக்கும். ஆனால் வகுப்புக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எப்படியும் ரத்தாகப் போகிறது என்று வீட்டில் உட்கார்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய அதிகபட்ச எண் அந்த இடைவெளியிலேயே 70-க்குக் கீழே போனது. எனக்கு அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருந்தது: பத்தாவது வாரம் முதல் எங்கள் வகுப்பு மதியத்துக்கு மாறியிருந்தது, அதனால் கடிதம் வந்தது தெரியாமலேயே ஒரு மணியும் தவறவிடாமல் போய்க்கொண்டிருந்தேன்.

காத்திருந்த நாட்களில் விசா விவரங்களைக் காட்டும் வீவோ பக்கத்தைத் திறந்து மற்ற நிபந்தனைகளையும் முதல்முறையாகப் படித்தேன். 8105-இல் நின்றேன். படிப்பு நடக்கும் காலத்தில் வேலை, பதினைந்து நாள் என்று நாம் பொதுவாகச் சொல்லும் இரண்டு வாரத்துக்கு 48 மணி. சம்பளக் காலத்தை வைத்து அதை எண்ணக்கூடாது. எந்தத் திங்கட்கிழமையில் தொடங்கினாலும் அதிலிருந்து 14 நாள். நான் வேலை பார்த்த இடத்தில் முந்தைய வாரம் 20, இந்த வாரம் 28, அடுத்த வாரம் 24 மணி என்று அட்டவணை போட்டிருந்தார்கள். முதல் இரண்டு வாரம் சேர்ந்தால் சரியாக 48. இந்த வாரத்தையும் அடுத்ததையும் சேர்த்தால் 52. அடுத்த வாரத்தை 20 ஆக்கச் சொல்லி மேலாளருக்கு அன்றே எழுதினேன். காரணம் கேட்காமல் மாற்றிக்கொடுத்தார்.

பதினான்காவது வாரம் முடிவு வந்தது. தெரிவிக்கப் போவதில்லை, படிப்பு முடியும்வரை வாரந்தோறும் சேவைப் பிரிவில் வருகையைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். எதிராக வந்திருந்தால் குறைதீர்ப்பு அதிகாரியிடம் கட்டணமின்றி வெளி முறையீடு செய்யலாம். அதுவும் போனால் பள்ளி தெரிவித்து, துறையிடமிருந்து விசாவை ரத்து செய்யப் பரிசீலிப்பதாக அறிவிப்பு வரும். ரத்தாவது தானாக நடப்பதில்லை, அங்கேயும் பதில் எழுத இடம் உண்டு. ஆனால் ரத்தாகிவிட்டால் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குப் பெரும்பாலான தற்காலிக விசாக்களுக்கு வழி அடைபடும்.

படிப்பு முடிந்தபோது கையில் கொடுத்த தாளில் 237 / 300, 79 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. அதற்கு இரண்டு வாரம் கழித்து ஏஜென்டிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, எச்சரிக்கை இரண்டையும் கீழே இணைத்து: "தம்பி, ஏதோ வருகை பற்றி அனுப்பியிருக்கிறார்கள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்."